அடுத்த துண்டில் வந்த ‘இல்லை’: தமிழ் சப்டைட்டில் வெட்டுவது பற்றி ஒரு விமர்சனம்

போன வருஷம் என் மாமாவை உட்கார வைத்து ஒரு நீண்ட பேட்டி எடுத்தேன். அவர் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தில் பல வருஷம் இருந்தவர். சங்கம் எப்படி வளர்ந்தது, எப்படி முடங்கியது என்று அவர் வாயாலேயே பதிவு செய்து வைக்க வேண்டும் என்பது ஆசை. பேச்சை முழுக்க நானே கேட்டுத் தட்டச்சு செய்தேன். அத்தைக்குக் காது மந்தம், அவங்களும் பார்க்கணும் என்பதால் தமிழிலேயே சப்டைட்டில் போட்டேன். தட்டச்சு செய்த உரையைத் துண்டு துண்டாக வெட்டும் வேலையை மட்டும் ஒரு சின்ன நிரலிடம் விட்டுவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து அத்தையிடமிருந்து வாட்ஸ்அப்பில் குரல்பதிவு. (அவங்க குரலில் அனுப்புவாங்க, நான் எழுத்தில் பதில் போடணும். அதுதான் எங்கள் ஏற்பாடு.) “ஏண்டா, செயலாளர்தான் பணத்தை எடுத்துக்கிட்டாருன்னு மாமா சொன்னதா போட்டிருக்கியே. அவரு போய்ச் சேர்ந்தாலும் அந்தக் குடும்பம் அடுத்த தெருவுலதானே இருக்கு? தீபாவளிக்கு இன்னமும் பலகாரம் குடுத்து வாங்குறோம்டா.”

மாமா சொன்னது அதற்கு நேர் எதிர். ஒரு எழுத்துக்கூட நான் தப்பாகத் தட்டவில்லை. நேரக் குறியீடும் சரி, வரி நீளமும் சரி. வெட்டிய இடம்தான் தப்பு. இந்தக் கட்டுரை அந்த ஒரு வெட்டைப் பற்றியது. அதை ‘சரி’ என்று சொன்ன விதிகளைப் பற்றியது.

மாமா சொன்னது, திரையில் வந்தது

பேட்டியில் வருகிற இரண்டு வாக்கியம் இவை:

“அந்தச் சங்கத்துப் பணத்தைச் செயலாளர்தான் எடுத்துக்கிட்டாருன்னு நான் அன்னைக்கு கூட்டத்துல சொல்லவே இல்லை. கணக்கை எழுதி வைக்காம விட்டாருன்னுதான் சொன்னேன்.”

நிரல் செய்தது ரொம்ப எளிமையான வேலை. ஒரு வரிக்கு 42 எழுத்துகள், ஒரு துண்டுக்கு இரண்டு வரி. பைத்தானில் இவ்வளவுதான்:

```python
lines = textwrap.wrap(text, width=42)
blocks = [lines[i:i+2] for i in range(0, len(lines), 2)]
```

கிடைத்தது இது:

```
212
00:14:07,200 --> 00:14:10,700
அந்தச் சங்கத்துப் பணத்தைச் செயலாளர்தான்
எடுத்துக்கிட்டாருன்னு நான் அன்னைக்கு

213
00:14:10,780 --> 00:14:15,000
கூட்டத்துல சொல்லவே இல்லை. கணக்கை எழுதி
வைக்காம விட்டாருன்னுதான் சொன்னேன்.
```

வடிவத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. SRT கோப்பு கேட்பது எண், நேரம், உரை, பிறகு ஒரு காலி வரி. எல்லாம் இருக்கிறது. நான்கு வரிகளின் நீளம் முறையே 39, 36, 38, 34. சரிபார்க்கும் மென்பொருளில் போட்டால் ஒரு சிவப்புக்கோடுகூட வராது.

இப்போது 212-ஐ மட்டும் படித்துப் பாருங்கள். மூன்றரை விநாடி அது தனியாகத் திரையில் நிற்கிறது. “செயலாளர்தான் எடுத்துக்கிட்டாருன்னு நான் அன்னைக்கு...” என்று படித்தவர் மனசு மிச்சத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும்: ‘சொன்னேன்’. அந்த நேரத்தில் கண்ணாடியைத் துடைக்கக் குனிந்தாலோ, யாராவது கூப்பிட்டுத் திரும்பினாலோ, மறுப்பு வந்து போனதே தெரியாது. காது கேட்பவருக்குக் குரலின் இழுவை ‘இன்னும் முடியலை’ என்று சொல்லிவிடும். அத்தைக்கு அந்தக் குரல் இல்லை. அவங்களுக்குத் துண்டுதான் வாக்கியம்.

213-இன் முதல் வரியும் கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்கிறது. “கணக்கை எழுதி” என்று வரி முடிகிறது. அடுத்த வரி “வைக்காம” என்று ஆரம்பிக்கிறது. எழுதினார் என்று நினைத்த கண் கீழே இறங்கி, எழுதவில்லை என்று திருத்திக்கொள்ள வேண்டும். ஒரே துண்டுக்குள் இருப்பதால் சேதம் குறைவு. ஆனால் நோய் அதேதான்.

42 என்ற எண்ணின் மேல் உள்ள புகார்

ஒரு வரிக்கு 42 என்பது நெட்ஃப்ளிக்ஸ் ஆங்கில சப்டைட்டிலுக்கு வைத்திருக்கும் வரம்பு. அதற்கு முந்தைய டெலிடெக்ஸ்ட் காலத்து வரம்பு 37. பிபிசியின் வழிகாட்டியில் அந்த எண்ணை இன்றும் பார்க்கலாம். இவை எல்லாம் லத்தீன் எழுத்தின் அகலத்தை வைத்து வந்தவை. கொரிய மொழிக்கு நெட்ஃப்ளிக்ஸே 16 என்றுதான் வைத்திருக்கிறது. ஆக, எண் என்பது எழுத்து வடிவத்தோடு சேர்ந்தது என்று அவர்களுக்குத் தெரியும். தெரியாமல் இருந்தது நான். இணையத்தில் எங்கேயோ படித்த 42-ஐ எடுத்து அப்படியே ஒட்டிவிட்டேன்.

ஒட்டினாலும் எதை எண்ணுகிறோம் என்று பார்த்திருக்க வேண்டும். பைத்தானின் `len` நாம் எழுத்து என்று சொல்வதை எண்ணுவதில்லை. யூனிகோடு குறியீடுகளை எண்ணுகிறது. ‘தா’ என்றால் த ஒன்று, கால் ஒன்று, ஆக இரண்டு. ‘ர்’ என்றால் ர ஒன்று, புள்ளி ஒன்று. அதனால் ஒரு நீளமான தமிழ் வினைச்சொல் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகக் கணக்கில் ஏறும்:

```python
s = "எடுத்துக்கிட்டாருன்னு"
print(len(s))                          # 21
print(len(regex.findall(r"\X", s)))    # 11
```

இரண்டாவது வரியில் இருப்பது `regex` என்ற தனித் தொகுப்பு. அதன் `\X` உயிர்மெய்யை ஒரே அலகாக எடுத்துக்கொள்ளும். பள்ளிக்கூடப் பிள்ளை விரல் விட்டு எண்ணினாலும் இந்தச் சொல்லுக்கு 11 எழுத்துதான் வரும். நிரல் பார்த்தது 21.

இதன் விளைவைப் பாருங்கள். 212-இன் முதல் வரி நிரலுக்கு 39. ஏறத்தாழ நிரம்பிய வரி. எழுத்தாக எண்ணினால் இடைவெளியையும் சேர்த்து 25. “கணக்கை எழுதி வைக்காம விட்டாருன்னுதான் சொன்னேன்.” என்ற முழு வாக்கியம் நிரலுக்கு 47, வரம்பைத் தாண்டிவிட்டது, உடைத்தே ஆக வேண்டும். எழுத்தாக எண்ணினால் 28. ஒரே வரியில் நிம்மதியாக நிற்கும்.

அப்படியென்றால் 42 எழுத்து என்று மாற்றி வைத்தால் சரியாகிவிடுமா? அதுவும் ஆகாது. தமிழ் எழுத்து ஆங்கில எழுத்தைவிட அகலம். அதிலும் ‘ர்’ ஒடுங்கி நிற்கும், ‘ணை’ இரண்டு ஆள் இடம் கேட்கும், ‘சொ’ என்றால் இரண்டு பக்கமும் கொம்பும் காலும். நான் செய்தது ரொம்ப நாட்டுப்புறமான சோதனை. பல நீளங்களில் வரிகளை எழுதி, வீட்டுத் தொலைக்காட்சியிலும் என் கைபேசியிலும் ஓடவிட்டுப் பார்த்தேன். 32 எழுத்து வரை வரி உடையாமல் நின்றது. அதற்கு மேல் போனால் சில இடங்களில் கைபேசியின் பிளேயர் தானே மடித்து மூன்று வரியாக்கிவிட்டது. நாம் யோசித்து வைத்த உடைப்பு அத்தோடு போச்சு. என் கோப்புக்கு வரம்பு 32 என்று வைத்துக்கொண்டேன். எழுத்துருவும் அளவும் மாறினால் இந்த எண்ணும் மாறும். அவரவர் திரையில் ஓட்டித்தான் பார்க்கணும்.

வாசிப்பு வேகக் கணக்கிலும் இதே சிக்கல் உண்டு. நிமிடத்துக்கு 160 முதல் 180 சொல் என்று பிபிசி சொல்வது ஆங்கிலச் சொல்லுக்கு. மாமாவின் முதல் வாக்கியத்தில் பத்தே சொல்தான், பேச ஐந்து விநாடி எடுத்துக்கொண்டார். சொல் கணக்கில் நிமிடத்துக்கு 120-க்கும் கீழே. ஏதோ நிதானமாகப் பேசுகிறார் என்று தோன்றும். உண்மையில் அவர் சாதாரண வேகத்தில்தான் பேசுகிறார். ஆங்கிலத்தில் நாலைந்து சொல்லாக நிற்பதை ஒரே வினைச்சொல்லுக்குள் அடக்கிவிடுகிறோம், அவ்வளவுதான். எழுத்தை எண்ணினால் விநாடிக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வருகிறது. அத்தையால் சிரமமில்லாமல் படிக்க முடிந்தது.

எங்கே உடைப்பது என்ற அறிவுரையின் மேல் உள்ள புகார்

எண்ணைத் திருத்துவது சுலபம். உடைக்கும் இடம் பற்றிய அறிவுரைதான் பெரிய சிக்கல்.

ஆங்கில வழிகாட்டிகள் பொதுவாகச் சொல்வது: நிறுத்தற்குறிக்குப் பின் உடை, இணைப்புச் சொல்லுக்கு முன் உடை, முன்னிடைச் சொல்லுக்கு முன் உடை, எழுவாயாக வரும் பிரதிப்பெயரை வினையிலிருந்து பிரிக்காதே. ஆங்கிலத்துக்கு இது அருமையான அறிவுரை. அங்கே ‘நான் சொல்லவில்லை’ என்பது முதலிலேயே வந்துவிடும். என்ன சொல்லவில்லை என்பது பின்னால் வரும். எங்கே வெட்டினாலும் மறுப்பு முதல் துண்டில் பத்திரமாக இருக்கும்.

தமிழில் எல்லாம் தலைகீழ். குற்றச்சாட்டு முதலில், ‘ன்னு’ அதன் வாலில், யார் சொன்னது என்பது அப்புறம், சொன்னாரா சொல்லவில்லையா என்பது கடைசிச் சொல்லில். மேடைப் பேச்சாளர்கள் இதை வைத்துத்தான் கைதட்டு வாங்குகிறார்கள். கடைசிச் சொல்வரை கூட்டத்தைத் தொங்கவிட முடியும். அதே குணம் சப்டைட்டிலில் கண்ணிவெடி ஆகிவிடுகிறது.

இணைப்புக்கு முன் உடை என்பதை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தால் ‘என்று’ அடுத்த வரியின் தலையில் போய் உட்காரும். அதற்கு முந்தைய வரி “பணத்தை எடுத்துக்கொண்டார்” என்று முற்றுப்பெற்ற வாக்கியமாகவே நிற்கும். பேச்சுத்தமிழில் ‘ன்னு’ வினையோடு ஒட்டிக்கொண்டிருப்பதால் இந்த விபத்து கொஞ்சம் குறைவு. உரையை எழுத்துத்தமிழாக மாற்றிப் போடுகிறவர்கள் அந்தப் பாதுகாப்பையும் இழந்துவிடுகிறார்கள்.

என் அனுபவத்தில் தமிழுக்குப் பொருந்துவது இப்படி. நம்மிடம் உறவைக் காட்டும் சொல் பின்னால் வருகிறது. ஆகவே அதற்குப் பின்னால்தான் உடைக்க வேண்டும். ‘ன்னு’வுக்குப் பின், ‘வந்தா’, ‘போனாலும்’ மாதிரியான எச்சங்களுக்குப் பின், ‘பத்தி’, ‘வரைக்கும்’, ‘மேல’ போன்றவற்றுக்குப் பின். பிரிக்கவே கூடாத ஜோடிகளும் உண்டு. பெயரெச்சமும் அதன் பெயரும் ஒன்று: ‘கையெழுத்துப் போட்ட’ ஒரு துண்டிலும் ‘ஆளு’ அடுத்ததிலும் போனால் நடுவில் நிற்பவர் யார் என்று தெரியாது. வினையும் துணைவினையும் இன்னொன்று: ‘எழுதி வைக்காம’, ‘சொல்லவே இல்லை’, ‘வர முடியாது’. இந்த இரண்டாவது ஜோடியில் மறுப்பு பெரும்பாலும் துணைவினையில்தான் ஒளிந்திருக்கும். அதைப் பிரித்தால் ‘ஆமா’ என்பது ஒரு துண்டிலும் ‘இல்லை’ என்பது அடுத்த துண்டிலும் போய்விடும்.

திரும்ப வெட்டிய விதம்

முதல் வாக்கியம் முழுக்க 63 எழுத்து. 32 வீதம் இரண்டு வரி என்றால் 64. கணக்குப்படி அடங்கணும், ஆனால் சொல் நடுவே உடைக்க முடியாதே. ‘எடுத்துக்கிட்டாருன்னு’ வரை ஒரு வரி என்றால் அது மட்டும் 37 வரும்.

முதலில் தோன்றிய வழி ‘அந்தச்’ என்ற சொல்லை எடுத்துவிடுவது. எடுத்தால் மேல் வரி சரியாக 32, கீழ் வரி 25, எல்லாம் ஒரே துண்டில். தொழில்முறையில் சப்டைட்டில் போடுகிறவர்கள் இப்படிச் சுருக்குவது சகஜம்தான். ஆனால் மாமா அதற்கு முன்னால் இரண்டு சங்கங்களைப் பற்றிப் பேசியிருந்தார். ‘அந்த’ போனால் எந்தச் சங்கம் என்பது மங்கிவிடும். ஒரு பெரியவரின் வாக்குமூலத்தில் என் வசதிக்காகக் கை வைக்கவும் மனசு வரவில்லை.

கடைசியில் செய்தது, வெட்டைப் பின்னால் தள்ளாமல் முன்னால் கொண்டுவந்தது:

```
212
00:14:07,200 --> 00:14:09,100
அந்தச் சங்கத்துப் பணத்தைச் செயலாளர்தான்

213
00:14:09,180 --> 00:14:12,300
எடுத்துக்கிட்டாருன்னு
நான் அன்னைக்கு கூட்டத்துல சொல்லவே இல்லை.

214
00:14:12,600 --> 00:14:15,000
கணக்கை எழுதி வைக்காம விட்டாருன்னுதான் சொன்னேன்.
```

எழுவாயையும் வினையையும் இரண்டு துண்டில் பிரித்துவிட்டேனே, தப்பில்லையா? ஆங்கிலத்தில் அரைகுறையாகத் தெரியும். தமிழில் “செயலாளர்தான்” என்று நின்றால் வாசகர் சும்மா காத்திருப்பார். வினைக்காகக் காத்திருப்பது நமக்குப் பிறவிப் பழக்கம். எந்தத் தீர்ப்பும் இன்னும் வராததால் அவர் தப்பான முடிவுக்குப் போக வழியில்லை. ‘எடுத்துக்கிட்டாரு’ என்ற குற்றமும் ‘சொல்லவே இல்லை’ என்ற மறுப்பும் ஒரே திரையில், மேலும் கீழுமாக நிற்கின்றன. யாராவது அதைப் படமெடுத்து அனுப்பினாலும் இரண்டும் சேர்ந்தே போகும்.

இந்த வெட்டில் 214-ஆம் துண்டு குறியீட்டுக் கணக்கில் 47. சரிபார்க்கும் மென்பொருள் சிவப்பு காட்டும். காட்டட்டும். பிழையான முதல் வடிவத்துக்கு அது பச்சை காட்டியதையும் நினைவில் வைத்துக்கொள்கிறேன். ஒரு சின்னக் குறிப்பு: இரண்டு துண்டு மூன்றானதால் பின்னால் வருகிற எண்கள் எல்லாம் ஒன்று கூடும். பெரும்பாலான பிளேயர்கள் நேரத்தைத்தான் பார்க்கும், எண்ணைக் கண்டுகொள்ளாது. ஆனாலும் வெட்டு வேலை எல்லாம் முடிந்தபின் மொத்தமாக ஒருமுறை எண்ணிட்டுவிடுவது நல்லது.

மற்ற இடங்களை எப்படிக் கண்டுபிடிப்பது

ஒரு இடம் அத்தை கண்ணில் பட்டது. படாதவை? கோப்பு முழுக்கத் தேட ஒரு எளிய வழி வைத்துக்கொண்டேன். ஒரு துண்டு முற்றுப்புள்ளியோ கேள்விக்குறியோ இல்லாமல் முடிகிறதா, அதற்கு அடுத்த துண்டின் முதல் வாக்கியத்தில் மறுப்பு இருக்கிறதா என்று பார்ப்பது. இரண்டும் சேர்ந்தால் அந்த இடத்தைக் கண்ணால் படிக்கணும்.

மறுப்பைத் தேடும்போது ‘இல்லை’ என்று தேடினால் போதாது. ‘சொன்னதில்லை’ என்பதில் ‘இ’ என்ற எழுத்தே கிடையாது. அது முந்தைய மெய்யோடு சேர்ந்து ‘தி’ ஆகிவிட்டது. கணினிக்கு அது வேறு சரம். ‘ல்லை’ என்று தேடினால் அது அகப்படும். கூடவே ‘எல்லை’யும் ‘தொல்லை’யும் வரும். வரட்டும், அவற்றைத் தள்ளிவிட ஒரு நொடி போதும். ‘சொல்லலை’, ‘வரலை’ மாதிரிப் பேச்சு வடிவங்களுக்கு ‘லை’யில் முடியும் சொற்களையே பார்க்கணும். ‘மாட்ட’, ‘முடியா’, ‘கூடா’, ‘கிடையா’ ஆகியவை தனி. ‘வைக்காம’ போன்ற எதிர்மறை எச்சத்துக்கு ‘ாம’, ‘ாமல்’ என்று சொல் முடிவில் தேடலாம். இத்தனைக்குப் பிறகும் ‘நான் சொன்னேனாக்கும்?’ என்று கேலியாக மறுப்பதை எந்தத் தேடலும் பிடிக்காது. அதற்குக் குரலைக் கேட்ட ஆள்தான் வேண்டும்.

எல்லா இடத்துக்கும் தீர்வு கிடைத்தது என்று சொல்ல மாட்டேன். ஓர் இடத்தில் மாமா ஊரில் உலவிய வதந்தியை மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போய், மூன்று துண்டு தள்ளித்தான் “ன்னு ஒரு பேச்சு, அது நிஜமில்லை” என்று முடிக்கிறார். எப்படி வெட்டினாலும் வதந்தி தனியாக நிற்கும். அங்கே மட்டும் மூன்று துண்டின் தொடக்கத்திலும் ஒரு மேற்கோள்குறி போட்டேன், இது அடுத்தவர் வார்த்தை என்று தெரியட்டும் என்று. மாமா குறி போட்டுப் பேசவில்லை. அது நான் சேர்த்தது. இதைவிட நல்ல வழி இருந்தால் சொல்லுங்கள்.

புதிய கோப்பை ஏற்றிவிட்டு அத்தைக்கு எழுத்தில் தகவல் போட்டேன். பார்த்துவிட்டுக் குரல்பதிவு அனுப்பினாங்க: “இப்பதான்டா மாமா பேசுற மாதிரி இருக்கு. முன்னாடி போட்டது இன்னும் யார் போன்லயாவது இருக்கா?”

பழைய கோப்பை இறக்கி வைத்தவர்கள் மூன்று பேர். மூவருக்கும் தனித்தனியாக எழுதியிருக்கிறேன்.